மாவுக்குள்ள கள் வாசம்

ஒரு பேக்கரிக்குப் பின்பக்கம், மாவு உப்ப வச்சிருக்கிற ரூமுக்குள்ள போய் ஒரு தடவை மூச்சை நல்லா இழுத்துப் பாருங்க. வெண்ணெய் வாசமோ வெனிலா வாசமோ வராது. கொஞ்சம் இனிப்பா, கொஞ்சம் புளிப்பா, மூக்கை லேசா சுள்ளுன்னு தொடற ஒரு வாசம் வரும். கள் இறக்கிற ஊர்ல வளர்ந்தவங்களுக்கு அது என்ன வாசம்னு உடனே தெரிஞ்சிடும்.

"பிரெட்ல ஆல்கஹாலா?"ன்னு நீங்க கேட்டா, பதில்: ஆமாம், மாவா இருக்கும்போது கண்டிப்பா இருக்கு. மணப்பாறைல எங்க மாமா வச்சிருக்கிற சின்ன பேக்கரிலதான் இதை நான் மூக்கால படிச்சேன். எங்க ஊர்னாலே எல்லாரும் முறுக்கைத்தான் கேப்பீங்க. முறுக்குக்கும் ஈஸ்ட்டுக்கும் சம்பந்தமே இல்லை, அதை இன்னொரு இதழ்ல பாத்துக்கலாம். இந்தக் கட்டுரை பன், பிரெட், கள் மூணையும் பத்தினது. மூணுக்கும் பின்னாடி இருக்கிற வேலைக்காரர் ஒருத்தர்தான். சொல்லப்போனா மூணு இடத்துலயும் அவர் செய்யற வேலையும் ஒண்ணேதான்.

ஈஸ்ட் எதுக்காக இதைப் பண்ணுது?

ஈஸ்ட் ஒரு செல் மட்டுமே உள்ள பூஞ்சை. அதோட முழுப் பேர் சாக்கரோமைசிஸ் செரிவிசியே. 'சர்க்கரைப் பூஞ்சை'ன்னு அர்த்தம் வர்ற மாதிரி வச்ச பேர். பேருக்கேத்த மாதிரி சர்க்கரைதான் அதுக்குச் சாப்பாடு. பள்ளிக்கூடத்துல நாம எழுதின சமன்பாடு ஞாபகம் இருக்கும்:

C6H12O6 → 2 C2H5OH + 2 CO2

ஒரு குளுக்கோஸ் போனா ரெண்டு ஆல்கஹால், ரெண்டு கார்பன் டை ஆக்சைடு. பரீட்சைக்கு இது போதும். ஆனா பிரெட் உப்பட்டும்னோ யாராவது குடிச்சுட்டு ஆடட்டும்னோ ஈஸ்ட் நினைக்கப் போறதில்லை. அப்ப அதுக்கு இதுல என்ன லாபம்?

ஈஸ்ட்டுக்கு வேண்டியது எனர்ஜி. ஆறு கார்பன் உள்ள குளுக்கோஸை அது ரெண்டா உடைக்குது. மூணு கார்பன் உள்ள பைருவேட் ரெண்டு கிடைக்குது. இந்த உடைப்புல செல்லுக்குச் செலவு போக ரெண்டு ஏ.டி.பி. மிச்சம். ஈஸ்ட்டோட வருமானம் அவ்வளவுதான், அதோட வேலை முடிஞ்சிருக்கணும்.

ஆனா ஒரு சிக்கல் இருக்கு. உடைக்கும்போது சர்க்கரையிலிருந்து ஹைட்ரஜன் வெளிய வருது. அதைத் தூக்கிட்டுப் போக என்.ஏ.டி.ன்னு ஒரு மூலக்கூறு இருக்கு. இதை செங்கல் சூளைல இருக்கிற தள்ளுவண்டி மாதிரி நினைச்சுக்கோங்க. சூளைல வண்டி கொஞ்சம்தான் இருக்கும். எல்லா வண்டியும் நிறைஞ்சுட்டா, யாராவது கொட்டிக் காலி பண்ற வரைக்கும் சூளை நிக்கும். செல்லுக்குள்ளயும் அப்படித்தான். என்.ஏ.டி. எல்லாம் ஹைட்ரஜனோட நிறைஞ்சு நின்னா அடுத்த குளுக்கோஸை உடைக்க முடியாது, வருமானம் நின்னு போகும்.

அதனால ஈஸ்ட் ஒரு வழி பண்ணுது. கையில இருக்கிற பைருவேட்லிருந்து ஒரு கார்பனை வெட்டி எறியுது. அந்த வெட்டுத் துண்டுதான் கார்பன் டை ஆக்சைடு. மிச்சம் ரெண்டு கார்பன் உள்ள அசிட்டால்டிஹைடு. வண்டில இருக்கிற ஹைட்ரஜனை அது மேல கொட்டுது, அசிட்டால்டிஹைடு எத்தனாலா மாறுது. வண்டி காலி, சூளை மறுபடி ஓடுது.

இப்ப அந்தச் சமன்பாட்டை திரும்பப் பாருங்க. கார்பன் டை ஆக்சைடு என்பது வெட்டி எறிஞ்ச துண்டு. ஆல்கஹால் என்பது ஹைட்ரஜனைக் கொட்டின குப்பைமேடு. ஒண்ணை வெட்டினாதான் இன்னொண்ணுல கொட்ட முடியும், அதனால ரெண்டும் ஜோடியா, சம எண்ணிக்கையில பிறக்குது. வாயு மட்டும் போதும், ஆல்கஹால் வேண்டாம்னு ஈஸ்ட்கிட்ட கேக்க முடியாது. பிரெட் பண்றவர் வாயுவைப் பிடிச்சு வச்சுக்கிட்டு ஆல்கஹாலை விட்டுடறார். கள்ளோ பீரோ பண்றவர் ஆல்கஹாலை வச்சுக்கிட்டு வாயுவை விட்டுடறார். வித்தியாசம் நம்ம பாத்திரத்துலதான்.

இங்க புத்தகத்துல இருக்கிற ஒரு வரியைக் கொஞ்சம் திருத்தணும். "ஆக்சிஜன் இல்லாதபோது ஈஸ்ட் நொதித்தல் செய்கிறது"ன்னு படிச்சிருப்போம். பொய் இல்லை, ஆனா பாதிதான். சர்க்கரை நிறைய இருந்தா, காத்து இருந்தாலும் இந்த ஈஸ்ட் ஆல்கஹால் பாதையிலதான் அதிகமா போகும். இதுக்கு கிராப்ட்ரீ விளைவுன்னு பேர். ஆக்சிஜனை வச்சு முழுசா எரிச்சா ஒரு குளுக்கோஸுக்கு பல மடங்கு எனர்ஜி கிடைக்கும். ஆனா இந்தப் பாதை வேகமானது. பக்கத்துல இருக்கிற மத்த கிருமிகளுக்கு முன்னாடி சர்க்கரையைக் காலி பண்ணிடலாம், வெளிய விடற ஆல்கஹால் அவங்களுக்கு விஷமாவும் இருக்கும். அதனால பிசையும்போது மாவுல காத்து இருக்கே, நொதிக்குமான்னு பேக்கரிக்காரர் கவலைப்பட வேண்டியதே இல்லை.

ஒரு ஸ்பூன் சர்க்கரைக்கு எவ்வளவு வாயு?

ஒரு 400 கிராம் மாவுத் துண்டை எடுத்துக்கலாம், ஒரு டின் பிரெட்டுக்கு. உப்பற நேரத்துல அதுல ஏறக்குறைய 5 கிராம் சர்க்கரையை ஈஸ்ட் சாப்பிட்டுச்சுன்னு வச்சுக்கோங்க. ஒரு சின்ன டீஸ்பூன் அளவு. நாம போடற சர்க்கரை மட்டும் இல்லை, மைதாவுல இருக்கிற ஸ்டார்ச்சை அதிலேயே இருக்கிற அமைலேஸ் நொதி உடைச்சுக் குடுக்கிற மால்டோஸும் இதுல சேரும்.

குளுக்கோஸ் 180 கிராமுக்கு 88 கிராம் கார்பன் டை ஆக்சைடு, 92 கிராம் ஆல்கஹால். அப்ப 5 கிராமுக்கு 2.4 கிராம் வாயு, 2.6 கிராம் ஆல்கஹால். 2.4 கிராம்னா ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும். ஆனா 30 டிகிரில அந்த வாயு பிடிக்கிற இடம் கிட்டத்தட்ட 1.4 லிட்டர். ஒரு பெரிய தண்ணி பாட்டிலை விட அதிகம். கையில அடங்கற மாவு டின்னை விட்டு மேல எட்டிப் பாக்கறது இதனாலதான். கொஞ்சம் வாயு வெளிய போகும், கொஞ்சம் மாவுல இருக்கிற தண்ணில கரையும், மிச்சம் உள்ள மாட்டிக்கும்.

மாட்டிக்க ஒரு வலை வேணுமே? அது மைதாவுல இருக்கிற குளூட்டன். பிசையப் பிசைய அது பலூன் ரப்பர் மாதிரி இழுபடற சவ்வா ஆகுது. இங்க எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. பிரெட்ல இருக்கிற ஓட்டைகளை ஈஸ்ட் உண்டாக்கறதில்லை. பிசையும்போது நாம மாவுக்குள்ள அடிச்சு ஏத்தற காத்துதான் முதல் குமிழி. ஈஸ்ட் விடற வாயு முதல்ல தண்ணில கரைஞ்சு, அப்புறம் ஏற்கனவே இருக்கிற அந்தக் குமிழிக்குள்ள போய் அதை ஊதிப் பெருசாக்குது. சரியா பிசையலைன்னா எவ்வளவு ஈஸ்ட் போட்டாலும் பிரெட் சீரா வராது.

சரி, அந்த 2.6 கிராம் ஆல்கஹால் எங்க போச்சு? ஓவனுக்குள்ள. மாவு சூடாக ஆரம்பிக்கும்போது ஈஸ்ட் கடைசியா ஒரு தடவை வேகமா ஓடுது. 55, 60 டிகிரி தாண்டும்போது செத்துடுது. எத்தனால் 78 டிகிரில கொதிக்கும், பிரெட்டோட நடுப்பகுதி வேகும்போது 95 டிகிரி பக்கம் போகும். ஆல்கஹாலோட பெரும்பகுதி நீராவியோட வெளிய போயிடுது. மிச்சம் நிக்கறது ரொம்பக் கொஞ்சம். பிரெட் ஓவன் திறக்கும்போது வர்ற வாசத்துல அதுவும் ஒரு பங்கு. எங்க அத்தை இதைக் கேட்டதுக்கு அப்புறம் ரெண்டு நாள் பன் தொடலை. மூணாவது நாள் டீயில தொட்டுச் சாப்பிட்டாங்க.

சித்திரை மாசத்துல மாவு ஏன் படுத்துச்சு?

இப்ப நிஜமாவே காசும் ஒருத்தரோட வேலையும் சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு வர்றேன்.

போன வருஷம் சித்திரை, வைகாசி மாசம். மாமா பேக்கரில தினமும் ஒரு ஈடு பிரெட் கெட்டுப்போச்சு. மாவு வேகமா மேல வரும், ஓவன்ல வச்சதும் நடுவுல குழி விழுந்து உக்காந்துடும். வெந்த பிரெட்டோட மேல்தோல் வெளுப்பா இருக்கும், எவ்வளவு நேரம் வச்சாலும் நிறம் ஏறாது. உள்ள பெரிய பெரிய ஓட்டை. வாய்ல வச்சா புளிப்பு. ஒரு ஈடுன்னா நாப்பது பாக்கெட் சொச்சம். சின்னக் கடைக்கு இது பெரிய அடி.

மாமாவுக்கு மாஸ்டர் மேலதான் சந்தேகம். "சீக்கிரம் முடிச்சுட்டுத் தூங்கப் போகலாம்னு ஈஸ்டை அள்ளிப் போடறான்"னு வீட்ல வந்து புலம்புவார். மாஸ்டரோ, "அண்ணே, மார்கழில போட்ட அதே அளவுதாண்ணே"ன்னு சத்தியம் பண்ணுவார். வேற ஆள் பாக்கறதுன்னு மாமா முடிவு பண்ணியே இருந்தார். மாஸ்டருக்கு ரெண்டு பொண்ணுங்க, ரெண்டும் பள்ளிக்கூடம் போறாங்க.

நான் லீவுக்கு வந்திருந்தேன். காலேஜ் புராஜெக்ட்டுக்கு வாங்கின, கம்பி மாதிரி இருக்கிற ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் பையில இருந்தது. ராத்திரி பத்து மணிக்கு மாஸ்டர் மாவு போடும்போது கூட நின்னேன். அளவெல்லாம் கண் முன்னாடி எடை போட்டார்: மைதா 10 கிலோ, தண்ணி 6 லிட்டர், கட்டி ஈஸ்ட் 250 கிராம், உப்பு 200 கிராம், சர்க்கரை 600 கிராம். எந்த பேக்கரிலயும் ஒத்துக்கக்கூடிய அளவு. ஈஸ்ட் மேல தப்பே இல்லை.

அப்புறம் ஒவ்வொண்ணுலயும் தெர்மாமீட்டரைக் குத்தினேன். ரூம் 37 டிகிரி. மூட்டையில இருந்த மைதா 36. மொட்டை மாடி டேங்க்லிருந்து வர்ற தண்ணி ராத்திரிலயும் 33. பிசைஞ்சு முடிச்ச மாவுல குத்தினா 38!

பிரெட் தொழில்ல இதுக்கு ஒரு பழைய கணக்கு இருக்கு. ரூம், மைதா, தண்ணி மூணோட வெப்பநிலையையும் கூட்டி, மெஷின் உரசல்ல ஏறற சூட்டையும் சேர்த்து, மூணால வகுத்தா மாவோட வெப்பநிலை ஏறக்குறைய வந்துடும். எங்க மெஷினுக்கு உரசல் கணக்கு 8. அப்ப 37, 36, 33, 8 கூட்டினா 114. மூணால வகுத்தா 38. அளந்ததும் அதேதான்.

மார்கழில என்ன இருந்திருக்கும்? ரூம் 27, மைதா 27, தண்ணி 25ன்னு வச்சுக்கிட்டா, உரசலோட சேர்த்து 87. மாவு 29 டிகிரி. பிரெட் மாவுக்கு 26லிருந்து 28 வரைக்கும் நல்லது, 29 மோசமில்லை. அதே ஈஸ்ட், அதே கை, ஆனா சித்திரைல மாவு 9 டிகிரி அதிகச் சூடு. இந்த எல்லைக்குள்ள 10 டிகிரி ஏறினா ஈஸ்ட்டோட வேகம் ஏறக்குறைய ரெண்டு மடங்காகும். மாஸ்டர் கடிகாரத்தைப் பாத்து ஒண்ணரை மணி நேரம் விட்டுட்டு இருந்தார். மாவுக்கு அது மூணு மணி நேரம் மாதிரி.

இப்ப அந்த அறிகுறிகளை ஒவ்வொண்ணா படிக்கலாம். வாயு அளவுக்கு மீறி வந்ததால குளூட்டன் வலை கிழியற அளவுக்கு இழுபட்டு, ஓவன்ல உக்காந்துச்சு. குமிழிகள் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து பெரிய ஓட்டையாச்சு. மேல்தோல் வெளுத்ததுதான் நல்ல துப்பு. பிரெட் சிவக்கணும்னா மாவுல கொஞ்சமாவது சர்க்கரை மிஞ்சணும், இங்க ஈஸ்ட் அதையும் தின்னு தீத்துடுச்சு. புளிப்பு ஈஸ்ட்டால வந்ததில்லை. மாவுல கூடவே இருக்கிற லாக்டிக் அமில பாக்டீரியாக்களுக்கு இந்தச் சூடு கொண்டாட்டம், அவங்க வேலை அது. மாவு உப்பாம கெட்டா ஈஸ்டைச் சந்தேகப்படணும். வேகமா உப்பி, வெளுத்து, புளிச்சுக் கெட்டா முதல்ல வெப்பநிலையைச் சந்தேகப்படணும்.

தீர்வுக்கும் அதே கணக்குதான். 27 டிகிரி மாவு வேணும்னா மொத்தம் 81. அதுல 37, 36, 8 மூணையும் கழிச்சா மிச்சம் பூஜ்யம். அதாவது தண்ணி 0 டிகிரில இருக்கணும். ரூமையும் மைதாவையும் நம்மால குளிர்விக்க முடியாது, தண்ணியை முடியும். எவ்வளவு ஐஸ்? நம்ம தெர்மோடைனமிக்ஸ் பேப்பர்ல வர்ற ரெண்டு மார்க் கேள்விதான். ஒரு கிலோ ஐஸ் உருக 80 கிலோ கலோரி வேணும். 6 கிலோ தண்ணிக்கு, 33ஐ 113ஆல வகுத்துப் பெருக்கினா 1.75 கிலோ ஐஸ். மிச்சம் 4.25 லிட்டர் டேங்க் தண்ணி. அந்த 4.25 லிட்டர் 33 டிகிரிலிருந்து இறங்கும்போது விடற சூடு 140 கிலோ கலோரி, 1.75 கிலோ ஐஸ் உருகக் கேக்கறதும் 140. கணக்கு சரி.

மீன் மார்க்கெட் ஐஸ் வேண்டாம்னு குடிதண்ணியை டப்பால ஊத்தி, கடையோட ஐஸ்கிரீம் பிரீசர்லயே வச்சோம். மறுநாள் அதை நொறுக்கிப் போட்டு, ஐஸ் நேரா மேல படாம ஈஸ்டை மைதாவுல உதிர்த்து விட்டார் மாஸ்டர். மாவு 28 டிகிரில வந்துச்சு.

மாமா நம்பணுமே. அதனால மாமாவையே உக்கார வச்சு ரெண்டு கண்ணாடி டம்ளர் எடுத்தோம். ஒண்ணுல பழைய முறைல பிசைஞ்ச சூடான மாவு, ஒண்ணுல ஐஸ் போட்ட மாவு, ரெண்டும் ஒரே அளவு. ஆரம்ப உயரத்துல ரப்பர் பேண்ட் போட்டோம். சூடான மாவு 35 நிமிஷத்துல ரெண்டு மடங்கு ஆச்சு. ஐஸ் மாவுக்கு ஒண்ணேகால் மணி நேரம் ஆச்சு. ஈஸ்ட் ரெண்டுலயும் ஒண்ணுதான், எடை போட்டதை மாமாவே பாத்தார். ரொம்ப நேரம் டம்ளரையே பாத்துட்டு, "அப்ப தண்ணிதானா"ன்னு மட்டும் சொன்னார். மாஸ்டர்கிட்ட மன்னிப்பெல்லாம் கேக்கலை. ஆனா அடுத்த வாரம் பழைய பிரீசர் ஒண்ணு மாவு ரூமுக்கு வந்து சேர்ந்துச்சு. மாஸ்டர் இன்னும் அங்கதான் இருக்கார்.

இதுக்கும் ஒரு எல்லை உண்டு. 28ல ஆரம்பிச்ச மாவு 37 டிகிரி ரூம்ல இருக்கும்போது மெதுவா சூடேறத்தான் செய்யும். அதனால கடிகாரத்தை நம்பாம மாவை நம்பணும். விரலை மாவுல தொட்டு லேசா அழுத்துங்க. குழி உடனே மூடினா இன்னும் நேரம் இருக்கு. மெதுவா, பாதி மூடினா ஓவனுக்குத் தயார். மூடாமலே நின்னா தாண்டிப்போச்சு. மாஸ்டர் இதை எனக்குச் சொல்லிக் குடுத்தார், தெர்மாமீட்டர் இல்லாம.

அதே ஈஸ்ட், பனைமரத்து மேல

வெயில் காலத்துல ரோட்டோரத்துல பதநீர் குடிச்சிருப்பீங்க. பதநீருக்கும் கள்ளுக்கும் மரம் ஒண்ணு, பாளை ஒண்ணு, வடியற சாறும் ஒண்ணு. வித்தியாசம் கலயத்துக்குள்ள தடவற சுண்ணாம்பு மட்டும்தான். ஈஸ்ட்டுக்குக் கொஞ்சம் அமிலம் இருக்கிற இடம்தான் பிடிக்கும். சுண்ணாம்பு சாறைக் காரமாக்கிடுது, ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் அடங்கிடுது, சர்க்கரை சர்க்கரையாவே இறங்குது.

சுண்ணாம்பு தடவாத கலயத்துல யாரும் ஈஸ்ட் போடறதில்லை. அது காத்துலயும், பூச்சி மேலயும், பாளை மேலயும் இருக்கு. முக்கியமா, நேத்து கள் இறக்கின அதே கலயத்தோட சுவர்ல ஒட்டியிருக்கு. அதனால சொட்டு விழ விழவே நொதிக்க ஆரம்பிச்சுடும், காலைல இறக்கும்போதே நுரை கட்டியிருக்கும்.

பேக்கரி கணக்கையே இங்கயும் போடலாம். ஒரு லிட்டர் சாறுல 120 கிராம் சர்க்கரைன்னு வச்சுக்கோங்க. இது சுக்ரோஸ், உடையும்போது தண்ணி சேர்றதால 126 கிராம் குளுக்கோஸும் பிரக்டோஸுமா ஆகும். முழுசா நொதிச்சா 64 கிராம் ஆல்கஹால், அதாவது அளவுல 8 சதவீதம். நிஜத்துல அவ்வளவு வராது. கொஞ்சத்தை பாக்டீரியா அமிலமாக்கிடும், மிச்சம் நொதிக்கறதுக்கு முன்னாடியே குடிச்சிடுவாங்க. 4லிருந்து 6 சதவீதம் பக்கம் நிக்கும். வாயு? முழுக்க நொதிச்சா ஒரு லிட்டர் சாறுக்கு ஏறக்குறைய 35 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு! பிரெட்ல ஒண்ணரை லிட்டர் வாயுவை எப்படிப் பிடிச்சு வைக்கறதுன்னு போராடறோம். இங்க குளூட்டன் வலை கிடையாது, அத்தனையும் நுரையா வெடிச்சுக் காத்துல போயிடுது.

விட்டு வச்சா கதை தொடரும். ஒரு நாள் தாண்டினா அசிட்டிக் அமில பாக்டீரியா ஆல்கஹாலையே காத்தோட சேர்த்து வினிகராக்கும். சுண்ணாம்பு குறைஞ்ச பதநீரைக் காய்ச்சினா கருப்பட்டி கட்டியாகாம பாகாவே நிக்கறதும் இந்தக் கூட்டத்தோட வேலைதான். அவங்க சுக்ரோஸை உடைச்சுட்டாங்க, உடைஞ்ச சர்க்கரை லேசுல இறுகாது.

தமிழ்நாட்டுல 1987லிருந்து கள்ளுக்குத் தடை. சரியா தப்பாங்கிற சண்டைக்குள்ள நான் போகலை. ஆனா ஒரு என்ஜினியரிங் மாணவனா எனக்குத் தோணறது, சட்டம் போட்ட அந்தக் கோடு கலயத்தோட உள்சுவர்ல சுண்ணாம்பா நிக்குது. அந்தப் பக்கம் பதநீர், இந்தப் பக்கம் கள்.

பீர் இதுக்கு எதிர்த் திசைல இருந்து வருது. பார்லில சர்க்கரை இல்லை, ஸ்டார்ச்தான். அதை முளைக்க வச்சு, அதுல வர்ற அமைலேஸை வச்சு 65 டிகிரி பக்கத்துல ஊற வச்சு முதல்ல சர்க்கரையாக்கறாங்க. அப்புறம்தான் ஈஸ்ட். மைதாவுல தானா நடக்கிற வேலையை அங்க ஒரு தனிப் பாத்திரத்துல நடத்தறாங்க, அவ்வளவுதான்.

பிரெட்டும் கள்ளும் ஒரே குடும்பம்கிறதுக்கு கோவாதான் நேரடிச் சாட்சி. போர்ச்சுக்கீசியர் பிரெட் கொண்டு வந்தாங்க, கடையில வாங்க ஈஸ்ட் கிடையாது. தென்னங்கள்ளை மாவுல ஊத்தி உப்ப வச்சாங்க. கேரளாலயும் இலங்கைலயும் ஆப்ப மாவுக்குக் கள் ஊத்தறதும் இதே தந்திரம். இட்லி மாவை இதோட சேர்த்துடாதீங்க. அங்க வாயு விடறது பெரும்பாலும் லியுகோநாஸ்டாக் மாதிரி பாக்டீரியாக்கள், ஈஸ்ட் அங்க ஓரமா நிக்கிற விருந்தாளிதான்.

கண்ணுக்குத் தெரியாத பங்காளி

கடைசியா ஒரு எச்சரிக்கை. இதைப் படிச்சுட்டு ஹாஸ்டல்ல யாராவது திராட்சை ஜூஸும் ஈஸ்ட்டும் பாட்டில்ல ஊத்தி மூடியை இறுக்கி வைக்கலாம்னு நினைச்சா, அந்த 35 லிட்டரை ஞாபகம் வச்சுக்கோங்க. வாயுவுக்குப் போக வழி இல்லைன்னா கண்ணாடி பாட்டில் வெடிக்கும். வார்டன்கிட்ட மாட்டறதை விட இது பெரிய ஆபத்து.

பெரிய தொட்டிகள்ல ஆபத்து இன்னும் அமைதியானது. கார்பன் டை ஆக்சைடு காத்தை விட ஒண்ணரை மடங்கு கனம். நொதிக்கிற தொட்டிக்குள்ள அது தண்ணி மாதிரி அடியில தேங்கி நிக்கும். நிறம் கிடையாது, பாத்தாலும் தெரியாது. காலியான தொட்டிதானேன்னு கழுவ இறங்கறவர் மயங்கி விழுவார், தூக்கப் போறவரும் விழுவார். நம்ம மெக்கானிக்கல், கெமிக்கல் பசங்க நிறைய பேர் நாளைக்கு சர்க்கரை ஆலைலயோ டிஸ்டிலரிலயோ வேலைக்குப் போவாங்க. அங்க மொலாசஸ் நொதிக்கிற தொட்டியைப் பாக்கும்போது, உள்ள எத்தனை லிட்டர் ஆல்கஹால்னு மட்டும் கேக்காதீங்க. அது கூடவே பிறந்த வாயு எங்க போச்சு, எங்க தேங்கி நிக்குதுன்னும் கேளுங்க. காத்தோட்டம் விட்டு, மீட்டர் வச்சு அளந்துட்டு, அதுக்கப்புறம் இறங்கச் சொல்லுங்க.